கண் பார்த்தது, மனசுக்கு எட்டவில்லை: காரில் பேச்சும் காதில் பாட்டும்

சனிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரில் நல்ல மழை. தேக்காவில் பூவும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு ஈசூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அக்கா, பின்னிருக்கையில் அம்மா. வீட்டுக்கு முந்திய பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பச்சை விளக்கு விழுந்ததும் மெதுவாக முன்னால் நகர்ந்து, திரும்புகிற வண்டிகள் காத்திருக்கும் கட்டத்துக்குள் காரை நிறுத்தினேன். எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் திரும்பிவிடலாம்.

அக்கா அப்போது சித்தி மகளின் நிச்சயதார்த்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபம் பேசியது யார், முன்பணம் கொடுத்தது யார், கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது யார் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. "இப்ப நீயே சொல்லு, யார் மேல தப்பு?" என்று கேட்டார். பதிலை யோசித்தபடியே எதிர்ப்பக்கம் பார்த்தேன். இடைவெளி இருந்தது. திருப்பினேன்.

"ஆள், ஆள்! நிறுத்தும்மா!" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினார். பிரேக்கை மிதித்தேன். கார் நின்ற இடத்துக்கும் அந்த இளைஞனுக்கும் நடுவில் ஒரு குடையை விரித்திருந்தால் இரண்டு பக்கமும் இடித்திருக்கும். அவன் தலையில் மழைச்சட்டையின் தொப்பி, அதற்குள் பெரிய ஹெட்போன். நடக்கிறவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழி அவனுடையது, தப்பு முழுக்க என்னுடையது. அவன் என் பக்கம் திரும்பியதே கார் நின்ற பிறகுதான்.

அன்றிரவு கார் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். நான் திருப்பத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவன் படத்துக்குள் வந்துவிடுகிறான். அதிலிருந்து பிரேக் பிடிக்கும் வரை கிட்டத்தட்ட இரண்டு நொடி. மழையிலும் தெளிவாகத் தெரிகிறான். அந்த இரண்டு நொடியில் பதிவான என் குரல், "மாப்பிள்ளை வீட்ல முதல்லயே..." என்று பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்த்தேன் என்பது எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. பார்த்தேன், ஆனால் அங்கே ஆள் இல்லை. அப்படித்தான் என் மூளை எனக்குச் சொன்னது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதற்கப்புறம் நிறையப் படித்தேன். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கும் புரிகிற மாதிரி அதை இங்கே எழுதுகிறேன். கார் ஓட்டுகிறவருக்குப் பேச்சு என்ன செய்கிறது, நடக்கிறவருக்கு ஹெட்போன் என்ன செய்கிறது என்பது இரண்டும் வேறு வேறு கதைகள். அந்தச் சந்திப்பில் அன்று இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு

கண்ணைத் திறந்து ஒரு திசையில் வைத்திருந்தால் அங்கே இருப்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் கண் அனுப்புகிற காட்சியில் பெரும்பகுதியை மூளை அப்படியே விட்டுவிடுகிறது. எதன் மேல் கவனம் இருக்கிறதோ அதைத்தான் 'இது ஒரு மனிதன்', 'இது ஒரு மோட்டார் சைக்கிள்' என்று இனம் கண்டுகொள்கிறது. கவனம் வேறெங்கோ இருக்கும்போது கண் முன்னால் இருப்பதும் தெரியாமல் போவதை ஆராய்ச்சியாளர்கள் கவனக் குருடு என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்து அழைக்கிறார்கள். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. பார்வைப் பரிசோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறவருக்கும் இது நடக்கும்.

பேச்சினால் இது வருகிறது என்பதை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2003ல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகக் காட்டியது. ஆட்களைக் கார் ஓட்டும் பாவனை இயந்திரத்தில் உட்காரவைத்து, சாலையோரம் விளம்பரப் பலகைகளை வைத்தார்கள். கண் எங்கே போகிறது என்று ஒரு கருவி பதிவு செய்தது. பேசாமலும் ஓட்டச் செய்தார்கள், கையில் பிடிக்கத் தேவையில்லாத போனில் பேசிக்கொண்டும் ஓட்டச் செய்தார்கள். ஓட்டி முடித்த பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல், எந்தப் பலகைகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பேசிக்கொண்டு ஓட்டியபோது கடந்த பலகைகளில் மிகக் குறைவானவற்றைத்தான் அவர்களால் அடையாளம் காட்ட முடிந்தது. அவர்கள் கண் ஒரு பலகையின் மேல் நேராகப் பதிந்திருந்தது என்று கருவி காட்டிய இடங்களிலும் இதே கதைதான். கண் போயிருக்கிறது, ஆனால் பார்த்தது உள்ளே பதியவில்லை.

பேச்சு ஏன் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது? காதால் கேட்பதும் வாயால் பேசுவதும் கண்ணுக்கு என்ன தொந்தரவு என்று தோன்றும். அக்கா சொன்ன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் என்றதும் என் மனக்கண்ணில் ஒரு மண்டபம் வந்தது. சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றதும் அந்த முகம் வந்தது. கதை கேட்பது என்பது பாதி, படம் பார்ப்பது. அப்புறம் கேள்வி வந்தது. யார் பக்கம் நியாயம் என்று எடைபோட வேண்டும், அக்கா மனம் நோகாமல் சொல்ல வேண்டும், அம்மா பின்னால் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். சாலையைப் பார்த்து முடிவெடுக்கிற அதே மனசுதான் இத்தனையையும் செய்ய வேண்டியிருந்தது.

டொராண்டோவில் 2013ல் ஒரு ஆய்வுக் குழு இதை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தது. மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து ஓட்டச் செய்தார்கள். எதிரே வண்டிகள் வரும்போது குறுக்கே திரும்புவதற்கு, கண் காட்சியைக் கையாளுகிற பின்மூளைப் பகுதிகள் நிறைய உழைத்தன. அதே திருப்பத்தின்போது காதில் கேள்விகள் கேட்டுப் பதில் சொல்லச் சொன்னதும், அந்த உழைப்பு நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, யோசித்து முடிவெடுக்கும் பகுதிக்குப் போய்விட்டது. கண் காட்சிக்கான பகுதிகளின் வேலை குறைந்தது. நேராக ஓட்டும்போதைவிடத் திரும்பும்போதுதான் மூளைக்குச் சுமை அதிகம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் அவர்களுடைய இடது திருப்பம்தான் நமக்கு வலது திருப்பம். என் சந்திப்பேதான் அது.

ஒரு வலது திருப்பத்துக்குள் எத்தனை வேலை

அந்தக் கட்டத்தில் நிற்கிற ஓட்டுநர் என்னென்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகப் பார்ப்போம். எதிரே மூன்று தடங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடந்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்த மூன்று தடங்களைத் தாண்ட எனக்கு நாலு நொடியாவது வேண்டும். நாலு நொடியில் எதிர்க்கார் 56 மீட்டர் வந்துவிடும். ஒரு நொடியாவது கூடுதலாக விட்டால்தான் நிம்மதி, ஆக 70 மீட்டர். வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்க்கிற மாதிரியான தூரம் அது. அவ்வளவு தூரத்தில் நம்மை நோக்கி நேராக வருகிற வண்டி பக்கவாட்டில் நகராது, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். அதிலிருந்துதான் வேகத்தைக் கணிக்க வேண்டும். எதிரே திரும்பக் காத்திருக்கும் லாரிக்குப் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று வரலாம் என்பதும் மனசில் இருக்க வேண்டும்.

மழை வந்தால் கணக்கே மாறும். பிடிப்புக் குறைவு, எனக்கும் எதிரே வருகிறவருக்கும் நிற்கத் தூரம் அதிகம் வேண்டும். நன்றாக ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்காமலே செய்வார்கள், ஈரச் சாலையில் தானாகவே பெரிய இடைவெளிக்குக் காத்திருப்பார்கள். கனடாவில் கூப்பர், ஜெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2002ல் சோதித்தது இதைத்தான். ஓட்டுநர்களை உண்மையான காரில், மூடிய தடத்தில் உட்காரவைத்து, எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே எப்போது திரும்பலாம் என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். கவனம் சிதறாதபோது சாலை ஈரமா காய்ந்திருக்கிறதா என்பதை அவர்களுடைய முடிவு கணக்கில் எடுத்தது. காதில் சிக்கலான செய்திகளைக் கேட்டுக் கவனிக்க வைத்தபோது மற்றவற்றைக் கணக்கில் வைத்தார்கள், ஈரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இதைப் படித்தபோது என் கை சில்லிட்டது. பேச்சு நம்மை ஒட்டுமொத்தமாகக் குருடாக்குவதில்லை. எதிரே கார் வருவதை நான் பார்த்தேன், இடைவெளியை அளந்தேன். பட்டியலின் கடைசியில் இருந்தவைதான் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. அவை உதிர்ந்தது எனக்குத் தெரியவும் இல்லை.

அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தவன்தான் அந்த இளைஞன். அவன் எனக்கு வலது பின்பக்க மூலையிலிருந்து, நான் வந்த திசையிலேயே நடந்து வந்து சாலையைக் கடந்தான். காத்திருந்தபோது அவன் என் தோளுக்குப் பின்னால். நான் திருப்பத் தொடங்கியதும், முன் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற தூண் அவனை மறைத்தது. கார் திரும்புகிற வேகமும் ஆள் நடக்கிற வேகமும் ஒத்துப்போனால், அந்தத் தூண் அவரோடு சேர்ந்தே நகர்ந்து சில கணம் முழுசாக மறைத்துவிடும். இதற்கு ஒரே வழி, உடம்பை முன்னால் சாய்த்துத் தூணைச் சுற்றிப் பார்ப்பதுதான். ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் "தலையை ஆட்டு, தலையை ஆட்டு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது. தனியாக ஓட்டும்போது நான் அதைச் செய்கிறேன். அன்றைய பதிவில் கார் உள்ளே தெரியாது, ஆனால் அன்று நான் தலையை ஆட்டவில்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது என் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் இருக்கும். ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். என் கார் முழுசுமே நாலரை மீட்டர்தான். அம்மா ஒரு நொடி தாமதமாகக் கத்தியிருந்தால் நான் என்ன எழுதிக்கொண்டிருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளாக நிலப் போக்குவரத்து ஆணையம் பல சந்திப்புகளில் வலது திருப்பத்துக்குத் தனியாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளைப் பொருத்தி வருகிறது. அம்பு சிவப்பாக இருந்தால் திரும்பவே கூடாது, பச்சையானால் எதிரே வண்டியும் வராது, குறுக்கே ஆளும் நடக்கமாட்டார். நான் மேலே சொன்ன பட்டியல் அப்படியே சுருங்கிவிடும். மனிதக் கவனத்தின் எல்லையைப் புரிந்துகொண்டு செய்த வேலை என்று இதை மனதாரப் பாராட்டுகிறேன். அம்பு இல்லாத இடங்களில் கணக்கு ஓட்டுநர் தலையில்தான்.

பக்கத்தில் இருப்பவரும் போனில் இருப்பவரும்

சரி, அப்படியானால் காரில் யாருமே பேசக்கூடாதா? இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அதே யூட்டா குழுவினர் 2008ல் இதை ஒப்பிட்டார்கள். விரைவுச்சாலையில் ஓட்டிப் போய், சொன்ன வெளிவழியில் இறங்க வேண்டும், அதுதான் வேலை. பக்கத்தில் இருக்கும் நண்பரோடு பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாக இறங்கிவிட்டார்கள். போனில் பேசியவர்களில் பாதிப்பேர் தவறவிட்டார்கள்.

காரணம் எளிது. பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. முன்னால் வண்டி பிரேக் போட்டால் அவர் பேச்சும் நிற்கிறது. "இதுதான் நம்ம எக்ஸிட்" என்று அவரே சொல்கிறார். சாலை நெருக்கடியாகும்போது பேச்சு தானாகச் சுருங்குகிறது. போனில் இருப்பவருக்கு நாம் சந்திப்பில் நிற்கிறோமா, வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோமா என்று தெரியாது. அவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். நாம் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்கிறார். அந்த அழுத்தத்தில் நாம் பதிலைத்தான் முதலில் கொடுக்கிறோம்.

கையில் பிடிக்காமல் பேசினால் பரவாயில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இங்கே 2015லிருந்து ஓடும் காரில் போனைக் கையில் வைத்துப் பயன்படுத்தினாலே குற்றம். நல்ல சட்டம். ஆனால் சட்டம் கையைத்தான் பார்க்க முடியும், மனசைப் பார்க்க முடியாது. டொராண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டண விவரங்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 1997ல் வெளிவந்தது. போனில் பேசும்போது மோதுகிற ஆபத்து ஏறக்குறைய நாலு மடங்கு என்று அது கண்டது. கையில் பிடிக்காத போன்களுக்கும் அந்த ஆபத்து குறையவில்லை.

இதையெல்லாம் படித்ததும், பக்கத்தில் இருக்கும் அக்கா பாதுகாப்பான வகையில்தானே வருகிறார் என்று எனக்கு ஒரு குழப்பம் வந்தது. யோசித்தபோது புரிந்தது. பயணி உதவி செய்வது அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான். அக்கா அன்று என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது, வலது திருப்பம் எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. கதை வேறு உச்சத்தில் இருந்தது. சூடான விஷயம் என்றால் பேசுகிறவருக்கும் சாலை மறந்துபோகிறது. பின்னால் அமைதியாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த அம்மாதான் உண்மையில் எனக்கு இரண்டாவது ஜோடிக் கண். பின்னிருக்கையில் சண்டை போடுகிற குழந்தைகள், வீடியோ அழைப்பில் மாமாவைக் காட்டி "ஒரு ஹலோ சொல்லு" என்று போனை நீட்டுகிறவர், இவர்களெல்லாம் பக்கத்தில் இருந்தாலும் போன் வகையில்தான் சேர்த்தி.

பாட்டு விஷயத்தில் நான் இவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். பாட்டு பதில் கேட்பதில்லை. கவனம் தேவைப்படும்போது நாம் அதை மனசிலிருந்து விட்டுவிட முடிகிறது. மெல்லிய சத்தத்தில் பாட்டு, நீண்ட சாலையில் தூக்கத்தைத் தள்ளிவைக்கவும் உதவும். சிக்கல் சத்தத்தின் அளவில் இருக்கிறது. இன்றைய கார்களின் கதவும் கண்ணாடியும் வெளிச்சத்தத்தை ஏற்கெனவே நன்றாக அடைத்துவிடுகின்றன. அதன்மேல் பாட்டையும் ஏற்றினால், ஆம்புலன்ஸ் ஒலி நம் காதுக்கு எட்டும்போது வண்டி நமக்குப் பின்னாலேயே வந்திருக்கும். தெரியாத இடத்தில் புளோக் எண் தேடும்போது பாட்டைக் குறைக்கிறோம் அல்லவா? கண் வேலைக்குக் காதின் சத்தத்தை ஏன் குறைக்கிறோம்? கவனம் இரண்டுக்கும் ஒரே பையிலிருந்துதான் போகிறது என்று நமக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது.

நடக்கிறவர் காதில்

இப்போது அந்த இளைஞன் பக்கம் போவோம். அவன் விதியை மீறவில்லை. ஆனால் என் தப்பைப் பிடித்திருக்கக்கூடிய ஒரு கருவி அவனிடம் இருந்தது, அது அன்று மூடியிருந்தது.

கண்ணுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பின்பக்கத்துக்குக் காதுதான் காவல். ஒரு சத்தம் இடது பின்பக்கத்திலிருந்து வந்தால் அது இடது காதை முதலில் தொடும், வலது காதைக் கொஞ்சம் கழித்துத் தொடும். அந்த வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை வைத்தும், இரண்டு காதிலும் சத்தத்தின் அளவு மாறுவதை வைத்தும் மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. காது மடலின் வளைவுகள் முன்பக்கமா பின்பக்கமா என்று பிரித்துக் காட்டுகின்றன. யோசிக்காமல் கழுத்து அந்தப் பக்கம் திரும்புகிறது. என் கார் அவனுக்கு இடது பின்பக்கத்திலிருந்துதான் வளைந்து வந்தது.

சாதாரண ஹெட்போனில் உரத்த பாட்டு போனால், வெளிச்சத்தம் பாட்டுக்குள் முங்கிவிடும். இரைச்சலை நீக்கும் வசதி உள்ள ஹெட்போன் இன்னொரு படி மேலே போகிறது. அதில் இருக்கிற சின்ன மைக் வெளிச்சத்தத்தைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அடக்குகிறது. இது மிக நன்றாக வேலை செய்வது தாழ்ந்த, சீரான ஒலிகளில்தான். விமானத்தின் உறுமல், எம்ஆர்டி ரயிலின் இரைச்சல், குளிர்சாதனப் பெட்டியின் முனகல். ஒரு காரின் இன்ஜின் உறுமலும் டயர் உருளுகிற ஒலியும் பெரும்பாலும் அதே வகையைச் சேர்ந்தவை. கூர்மையான ஒலிகளைக் காதை மூடியிருக்கும் பஞ்சும் ரப்பரும் அடைக்கின்றன. பாட்டே போடாவிட்டாலும் வண்டி வருகிற சத்தம் போய்விட்டது. பாட்டு மெல்லிசாகத்தானே வைத்திருக்கிறேன் என்று என் மகன் சொன்னபோது, அவனுக்கு நான் இதைத்தான் விளக்கினேன்.

போதாதற்கு வண்டிகளே அமைதியாகி வருகின்றன. 2024ல் இங்கே புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார். சந்திப்பில் திரும்புகிற மெதுவான வேகத்தில்தான் அவற்றின் சத்தம் ஆகக் குறைவு. வேகம் கூடினால் டயர் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்காகவே பல மின்சாரக் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை மெல்லிய செயற்கை ஒலி ஒன்றை எழுப்புகின்றன. மழையில், ஹெட்போனுக்குள், அது எட்டும் என்று நம்ப முடியாது.

அமெரிக்காவில் ஹெட்போன் போட்ட பாதசாரிகள் வண்டியிலோ ரயிலிலோ அடிபட்ட 116 சம்பவங்களை, 2004க்கும் 2011க்கும் இடையே வந்த செய்திகளிலிருந்து ஒரு குழு திரட்டியது. அதில் பாதிக்கு மேல் ரயில். பத்தில் ஏறக்குறைய மூன்றில், மோதுவதற்கு முன் ஹாரன் அடித்ததாகப் பதிவு இருக்கிறது. செய்தியில் வந்தவை மட்டும் என்பதால் இதை வைத்து ஆபத்து எத்தனை மடங்கு என்று கணக்குப் போட முடியாது. ரயில் ஹாரனே காதுக்குப் போகாத நிலை வரலாம் என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டால் சரியா என்று மகன் கேட்டான். சத்தம் கேட்கும், ஆனால் திசை சொல்ல இரண்டு காதும் வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாத ஹாரனுக்கு ஆள் திகைத்து நிற்பார், அல்லது தப்பான பக்கம் திரும்புவார். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியை இயக்கினால்? மூடி வைப்பதைவிட நிச்சயம் நல்லது. ஆனால் அப்போதும் நாம் கேட்பது மைக் பிடித்துக் கொடுக்கிற சத்தம், திசை அவ்வளவு துல்லியமாக இருக்காது. அதோடு, போனில் பேசிக்கொண்டு நடந்தால் காது திறந்திருந்தாலும் மனசு அங்கே இருக்காது. கவனம் ஒரு வேலையில் மூழ்கியிருந்தால், காதுக்கு எட்டிய சத்தமே தெரியாமல் போகும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்கு நடப்பது காதுக்கும் நடக்கிறது.

நமக்குத் தெரியாமல் நடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது

கவனம் போனது அந்த நேரத்தில் தெரியாது, அதுதான் இதன் இயல்பு. ஆனால் அது தடயம் விட்டுவிட்டுப் போகும். பேசிக்கொண்டே ஓட்டி, கடைசியாகத் தாண்டிய சந்திப்பில் விளக்கு என்ன நிறம் என்று நினைவில்லை என்றால் அது ஒரு தடயம். பச்சை விழுந்தும் நகராமல் நின்று பின்னால் ஹாரன் கேட்பது இன்னொன்று. தெரிந்த சாலையில் வெளிவழியைத் தவறவிடுவது, வேகம் தானாகக் குறைந்து மற்ற வண்டிகள் தாண்டிப் போவது, இஆர்பி சாலைக் கட்டண ஒலி கேட்டபிறகுதான் கட்டண வளைவுக்குக் கீழே வந்திருக்கிறோம் என்று உணர்வது. இவற்றில் ஒன்று நடந்தாலும், நிமிடத்துக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிளும் இதே மாதிரி உங்கள் பார்வையைக் கடந்து போயிருக்கலாம்.

நடக்கிறவர் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. மகனோடு நான் இதைச் செய்தேன். புளோக்குக்குக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் பாதையோரம், நடைபாதையின் உள்பக்கமாக அவனை நிறுத்தினேன். முதுகு பாதைப் பக்கம், ஹெட்போன் வழக்கமான சத்தத்தில். பின்னால் வண்டி வருகிறது என்று தோன்றினால் கையைத் தூக்கச் சொன்னேன். ஐந்து வண்டிகள் போயின. இரண்டுக்கு, அவனைத் தாண்டுகிற கணத்தில் கை எழுந்தது. ஒரு வேனுக்குக் கொஞ்சம் முன்பே தூக்கினான். மற்ற இரண்டுக்கும் கை அசையவே இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நின்றபோது எல்லாவற்றுக்கும் முன்னதாகவே தூக்கினான். நான் எத்தனை சொல்லியும் ஏறாதது அந்தப் பத்து நிமிடத்தில் ஏறியது. இப்போது சாலை விளிம்புக்கு வந்ததும் இரண்டு காதையும் திறந்துவிடுகிறான், மறு விளிம்பு ஏறிய பிறகுதான் மூடுகிறான்.

காரில் எங்களுக்கு ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. நான் வலது பக்கம் சிக்னல் போட்டால் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கும் அல்லவா, அது கேட்கிற வரை யாரும் என்னிடம் கேள்வி கேட்கமாட்டார்கள். பேச்சையே நிறுத்தச் சொல்லவில்லை, பதில் கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் தொடங்கினோம். ஆனால் அந்தச் சத்தத்தில் அக்கா தானாகவே சாலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

போன வாரம் அதே சந்திப்பு, மழை இல்லை. தங்கையின் பேத்தியுடைய பள்ளிக் கதையில் அக்கா பாதியில் இருந்தார். சிக்னல் போட்டேன். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, கழுத்தை நீட்டி வலது பக்கம் பார்த்தார். "ஒரு பாட்டி வண்டியத் தள்ளிக்கிட்டு வராங்க, இரு" என்றார். நானும் தூணைச் சுற்றிப் பார்த்தேன். மளிகைச் சாமான் வண்டியோடு ஒரு சீனப் பாட்டி மெதுவாகக் கடந்து போனார். திரும்பி முடித்தேன், டிக் டிக் நின்றது. "ஆங், அப்ப டீச்சர் என்ன சொன்னாங்கன்னா..." என்று அக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.